புதன்: பகல் 430 டிகிரி, இரவு மைனஸ் 180, 2 சுற்றுக்கு 3 சுழற்சி. இதற்குள் என்ன தொடர்பு?

தேன்மொழி

புதன் கோளைப் பற்றி எங்கே படித்தாலும் இரண்டு தகவல்கள் அடுத்தடுத்து வருகின்றன. பகலில் 430 டிகிரி செல்சியஸ், இரவில் மைனஸ் 180. அப்புறம், சூரியனை 2 முறை சுற்றி வருவதற்குள் தன்னைத்தானே 3 முறை சுற்றிக்கொள்கிறது. முதல் தகவலுக்குக் காரணம் கேட்டால் "காற்று இல்லை" என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இரண்டாவதற்குக் காரணமே சொல்வதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அந்த 3-க்கு 2 சுழற்சிக்கும் இந்த வெப்பக் குளிர் ஆட்டத்துக்கும் தொடர்பு இருக்கிறதா? அல்லது ஒரே கோளில் தற்செயலாக அமைந்த இரண்டு வெவ்வேறு விஷயங்களா? 3, 2 என்று முழு எண்கள் வருவது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. இயற்கை எதற்கு இப்படிக் கணக்குப் பார்க்க வேண்டும்?

குமரேசன்

எளிமையான விஷயம்தான். புதன் மிக மெதுவாகச் சுழல்கிறது. ஒரு சுழற்சிக்கு 58.65 நாள். வெயில் படும் பக்கம் வாரக்கணக்கில் வெந்துகொண்டே இருக்கும், இருட்டுப் பக்கம் வாரக்கணக்கில் ஆறிக்கொண்டே இருக்கும். காற்று மண்டலம் இல்லாததால் வெப்பத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோக ஆளில்லை. வேகமாகச் சுழன்றிருந்தால் இவ்வளவு வித்தியாசம் வந்திருக்காது. ஆக, தொடர்பு உண்டு.

சுழற்சி மெதுவானதற்குக் காரணம் சூரியனின் ஓத ஈர்ப்பு, அதாவது அருகே உள்ள பக்கத்தைத் தொலைவில் உள்ள பக்கத்தைவிட அதிகமாக இழுப்பது. நம் நிலவைப் பூமி பிடித்து வைத்திருப்பது போலவே சூரியன் புதனைப் பிடித்து வைத்திருக்கிறது. முழுதாகப் பிடிக்க இன்னும் நேரம் போதவில்லை, பாதி வழியில் இருக்கிறது. இன்னும் சில கோடி வருடம் போனால் ஒரே முகத்தைக் காட்ட ஆரம்பித்துவிடும்.

வேல்

இது ஐன்ஸ்டைன் ஏற்கெனவே தீர்த்து வைத்த விஷயம் ஆயிற்றே. புதனின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை கூடுதலாகத் திரும்புகிறது, நியூட்டன் கணக்கில் அது வரவில்லை, 1915-இல் பொதுச் சார்பியல் விளக்கிவிட்டது. சூரியனுக்குப் பக்கத்தில் வெளி வளைந்திருப்பதால்தான் இதெல்லாம்.

வானோக்கி

வேல், நீங்கள் சொல்வது பாதை மெல்லத் திரும்புவதைப் பற்றி. தேன்மொழி கேட்பது கோள் தன் அச்சில் சுழல்வதைப் பற்றி. 3-க்கு 2 சுழற்சியை விளக்க நியூட்டனே போதும், ஐன்ஸ்டைனைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

குமரேசன் சொன்னதில் முதல் பாதி ஏறக்குறைய சரி. ஆனால் "மெதுவாகச் சுழல்வதால்தான் இவ்வளவு குளிர்" என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அவ்வளவாக நிற்காது. இரண்டாம் பாதி, அதாவது "பாதி வழியில் இருக்கிறது" என்பது தவறு. புதன் எங்கும் போய்க்கொண்டிருக்கவில்லை. வந்து சேர்ந்த இடத்திலேயே பூட்டப்பட்டு நிற்கிறது. முதலில் வெப்பத்தைப் பார்ப்போம்.

சூடான எந்தப் பரப்பும் தன் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப வெப்பத்தை வெளியே வீசுகிறது. கெல்வினில் எடுத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் புதனின் தரை ஏறக்குறைய 700 கெல்வின். அப்போது அது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 13,600 வாட் வீசுகிறது. நள்ளிரவில் 100 கெல்வினுக்கு இறங்கியதும் அதே சதுர மீட்டர் வீசுவது வெறும் 5.7 வாட். வெப்பநிலை 7 மடங்கு குறைந்தால் வெளியேறும் வெப்பம் 2,400 மடங்கு குறைகிறது. அதனால் சூரியன் மறைந்ததும் தரை முதலில் தடதடவென்று குளிரும், பிறகு குளிர்வதே கடினமாகிவிடும். அந்த 5.7 வாட்டையும் கீழே உள்ள மண் மெல்ல மேலே அனுப்பி ஈடுகட்டிக்கொண்டே இருக்கும்.

இதைச் சரிபார்க்க நிலவு இருக்கிறது. அதன் இரவு நம் கணக்கில் 15 நாளுக்குக் கொஞ்சம் குறைவு. புதனின் இரவு 88 நாள், கிட்டத்தட்ட 6 மடங்கு. ஆனால் நிலவின் நடுக்கோட்டுப் பகுதியும் விடியலுக்கு முன் 95, 100 கெல்வினுக்கு இறங்கிவிடுகிறது. 6 மடங்கு நீண்ட இரவு புதனுக்குப் பெரிதாக எதையும் கூட்டித் தரவில்லை. குளிரின் அடி எல்லையைத் தீர்மானிப்பவை மூன்று: காற்று இல்லாமை, மேலே கிடக்கும் நுண்ணிய தூள் மண், அந்த நான்காம் அடுக்கு. தூள் மண் வெப்பத்தை உள்ளே விடுவதும் இல்லை, உள்ளே இருப்பதை வெளியே விடுவதும் இல்லை. பகல் இரவு ஆட்டம் முழுவதும் மேலே ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும்.

சூட்டின் மேல் எல்லையைத் தீர்மானிப்பது தூரம். அங்கேதான் சுழற்சி வேறு வழியாக உள்ளே வருகிறது. அதை எழுத நேரம் வேண்டும், இரவு வருகிறேன்.

குமரேசன்

நிலவு உதாரணம் நன்றாக இருக்கிறது. ஆனால் புதன் 10 மணி நேரத்தில் சுழன்றிருந்தால்? அப்போதும் மைனஸ் 180 வருமா?

வானோக்கி

வராது. 10 மணி நேரம் என்றால் தரை அந்த அளவுக்கு இறங்க நேரம் இருக்காது, அதுவரை உங்கள் பேச்சு சரி. நான் சொல்வது, ஓரளவு மெதுவான பிறகு இன்னும் மெதுவாவதால் குளிர் பெரிதாகக் கூடுவதில்லை என்பதுதான். இரவு இரண்டு வாரமோ மூன்று மாதமோ, அடி எல்லை ஏறக்குறைய அதேதான்.

சிவகாமி

வெப்பக் கதை வருவதற்குள் பழைய கதை ஒன்று. குமரேசன் சொன்ன "ஒரே முகம்" என்பது அவருடைய கற்பனை இல்லை. 1889-இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி பல வருடம் புதனைப் பார்த்து வரைந்து, அது 88 நாளுக்கு ஒரு முறை சுழல்கிறது, சூரியனுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது என்று அறிவித்தார். அடுத்த முக்கால் நூற்றாண்டு எல்லாரும் அதையே நம்பினார்கள். அப்போதைய பாடநூல்களில் புதனுக்கு ஒரு நிரந்தரப் பகலும் ஒரு நிரந்தர இரவும் இருந்தன.

அவர் கவனக்குறைவானவர் இல்லை. புதன் பூமியிலிருந்து நன்றாகத் தெரியும் வாய்ப்பு, சூரியன், பூமி, புதன் மூன்றும் அதே அமைப்புக்கு மூன்று முறை திரும்பும் காலத்துக்கு ஒரு முறை, சுமார் 348 நாளுக்கு ஒரு முறை திரும்ப வருகிறது. அந்த 348 நாளில் புதன் ஏறக்குறைய 6 முறை சுழன்றிருக்கும். அதனால் நல்ல வாய்ப்புகளில் மட்டும் பார்ப்பவருக்கு மீண்டும் மீண்டும் ஏறக்குறைய அதே முகம்தான் கண்ணில் படும். கோளே ஏமாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும்.

1965-இல் பெட்டெங்கில், டைஸ் இருவரும் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியின் 305 மீட்டர் தட்டிலிருந்து புதனுக்கு ரேடார் அலை அனுப்பித் திரும்பி வந்த எதிரொலியை அளந்தார்கள். சுழலும் கோளின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது, மறு விளிம்பு விலகிப் போகிறது. அதனால் ஒரே அலைவரிசையில் போன அலை சற்றுப் பரந்து திரும்பி வருகிறது. எவ்வளவு பரந்தது என்பதிலிருந்து சுழற்சி வேகம். 88 வரவில்லை, 59 வந்தது, 5 நாள் கூடக் குறைய இருக்கலாம் என்ற பிழை எல்லையோடு.

59 என்ற எண்ணைப் பார்த்து, இது 88-இன் மூன்றில் இரண்டு பங்கு என்று கண்டுகொண்டவர் இத்தாலிய விஞ்ஞானி ஜூசெப்பே கொலம்போ. "சரியாக 58.65 ஆகத்தான் இருக்கும்" என்று அவர் சொன்னது பிறகு உறுதியானது.

தேன்மொழி

சிவகாமி அக்கா, ஒரு சந்தேகம். நிரந்தர இரவுப் பக்கம் இருப்பதாக நம்பினார்களே, அங்கே வெப்பநிலையை யாரும் அளந்து பார்க்கவில்லையா? 75 வருடம் சும்மாவா இருந்தார்கள்?

சிவகாமி

அளந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் ரேடியோ அலையில் பார்த்தபோது இருட்டுப் பக்கம் எதிர்பார்த்ததைவிடக் கதகதப்பாகத் தெரிந்தது. நிரந்தர இரவு என்றால் அப்படி இருக்கக் கூடாது. உடனே புதனுக்கு மெல்லிய காற்று மண்டலம் இருக்கலாம், அது வெப்பத்தைச் சுமந்து வருகிறது என்று விளக்கம் தேடினார்கள். "அப்படியானால் சுழற்சிக் கணக்கே தவறோ" என்று யோசிப்பதைவிடக் காற்று மண்டலம் ஒன்றைக் கண்டுபிடிப்பது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது, பாவம்.

ரேடியோ அலை தரைக்குச் சற்றுக் கீழிருந்தும் வருகிறது. வானோக்கி சொன்ன தூள் மண்ணுக்கு அடியில் பகல் வெப்பத்தின் மிச்சம் இருக்கும். அந்த "இருட்டுப் பக்கமும்" சில வாரங்களுக்கு முன் வெயிலில் கிடந்ததுதான்.

வானோக்கி

வந்துவிட்டேன். சூட்டின் மேல் எல்லை.

புதனின் பாதை நன்றாக நீண்ட நீள்வட்டம். வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் மையப்பிறழ்வு 0.206. சூரியனுக்கு மிக அருகே வரும்போது தூரம் 4.6 கோடி கிலோமீட்டர், மிகத் தொலைவில் 6.98 கோடி. அருகே வரும்போது ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில், தொலைவில் இருக்கும்போது விழுவதைப் போல 2.3 மடங்கு. அதே நான்காம் அடுக்கை இங்கேயும் வைத்தால், தலைக்கு நேர் மேலே சூரியன் நிற்கும் இடத்தில் அருகே இருக்கும்போது 700 கெல்வின் வருகிறது, தொலைவில் 570 கெல்வின். அதாவது 430 டிகிரி செல்சியஸ், சுமார் 300 டிகிரி செல்சியஸ்.

இப்போது நடுக்கோட்டில் இரண்டு இடங்களில் ஆள் நிற்பதாக நினைத்துக்கொள்வோம். ஒருவர் தீர்க்கரேகை 0-இல். இன்னொருவர் 90-இல்.

புதன் நாளுக்கு 6.14 டிகிரி சுழல்கிறது, இதில் மாற்றமே கிடையாது. ஆனால் சூரியனைச் சுற்றும் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். அருகே வரும்போது நாளுக்கு 6.35 டிகிரி, தொலைவில் 2.76 டிகிரி. வானத்தில் சூரியன் நகர்வதாகத் தெரியும் வேகம் இந்த இரண்டின் வித்தியாசம். தொலைவில் இருக்கும்போது சூரியன் நாளுக்கு 3.4 டிகிரி நகரும். அருகே வரும்போது சுற்றும் வேகம் சுழலும் வேகத்தைத் தாண்டிவிடுவதால் சூரியன் கிட்டத்தட்ட நின்று, சுமார் 8 நாளுக்குப் பின்னோக்கிப் போய், மீண்டும் முன்னோக்கி வரும்.

0-இல் இருப்பவருக்குப் புதன் சூரியனுக்கு மிக அருகே வரும் நேரம், அதாவது அண்மை நிலைதான் நண்பகல். வெயில் உச்சத்தில் இருக்கும்போது சூரியன் தலைக்கு மேலே அசையாமல் நிற்கிறது. உச்சியிலிருந்து 10 டிகிரிக்குள் அது இருக்கும் காலம் நம் கணக்கில் ஒரு மாதத்துக்கும் கொஞ்சம் அதிகம். 90-இல் இருப்பவருக்கு நண்பகல் வருவது மிகத் தொலைவில் இருக்கும்போது. வெயில் பாதிக்கும் கீழே, போதாக்குறைக்குச் சூரியன் அந்த 20 டிகிரியை ஆறே நாளில் கடந்துவிடும். மொத்தத்தில் ஒரு புதன் நாளில் 0-இல் விழும் வெப்பம் 90-இல் விழுவதைப் போலச் சுமார் 2.5 மடங்கு.

இதுதான் தொடர்பு, தேன்மொழி. சுழற்சியும் சுற்றும் 3-க்கு 2 என்று சரியாகப் பொருந்தாமல் சற்றே தள்ளி இருந்திருந்தால், நண்பகல் சூரியன் ஒவ்வொரு முறையும் வேறு இடத்துக்கு வந்திருக்கும். காலப்போக்கில் நடுக்கோடு முழுவதும் சமமாக வெந்திருக்கும். சரியாகப் பூட்டப்பட்டிருப்பதால் ஒரு அண்மை நிலையில் 0-இல் நண்பகல், அடுத்ததில் எதிர்ப்பக்கம் 180-இல் நண்பகல், மறுபடி 0. கோடிக்கணக்கான வருடமாக அதே இரண்டு இடங்களே மாறி மாறி வறுபடுகின்றன. தரைக்கடியில்கூட அந்த இரண்டு தீர்க்கரேகைகளும் மற்ற இடங்களைவிடச் சூடு என்பது ரேடியோ தொலைநோக்கிப் படங்களில் தெரிகிறது. 180-க்குப் பக்கத்தில் இருக்கும் 1,550 கிலோமீட்டர் அகலப் பள்ளத்துக்கு, லத்தீனில் வெப்பத்தைக் குறிக்கும் கலோரிஸ் என்ற பெயரை வைத்ததும் அதனால்தான்.

குமரேசன்

அப்படியென்றால் பாடநூலில் வரும் 430 டிகிரி புதன் முழுக்க உள்ள பகல் வெப்பம் இல்லை, இரண்டு இடங்களின் உச்சம் மட்டும். இதை யாரும் சொல்வதே இல்லை.

சூரியன் பின்னோக்கிப் போகும் கதை சுவாரஸ்யம். ஒரே நாளில் இரண்டு முறை சூரியோதயம் பார்க்கலாம் என்று படித்திருக்கிறேன்.

வானோக்கி

பார்க்கலாம், ஆனால் 90-க்கும் 270-க்கும் பக்கத்தில் நின்றால்தான். அங்கேதான் அண்மை நிலையில் சூரியன் அடிவானத்தில் இருக்கும். இன்னொரு நுணுக்கம்: சூரியன் முழுதாக எழுந்து முழுதாக மறைந்து மறுபடி எழும் என்று பலர் எழுதுகிறார்கள். அது நடக்காது. பின்னோக்கிப் போகும் தூரம் 1 டிகிரிக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் சூரிய வட்டின் அகலம் 1.7 டிகிரி. அதனால் வட்டின் ஒரு பகுதி எட்டிப் பார்த்து, உள்ளே போய், பிறகு முழுதாக எழும்.

நிரல்மணி

தாமதமாக வருகிறேன், என் பிரச்சினை இதே தலைப்பில்தான். புதனின் சுழற்சியை உருவகப்படுத்தச் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். வேகமாகச் சுழலும் புதனை வைத்துத் தொடங்கி, சூரியனின் ஓத இழுப்பு மட்டும் கொடுத்தேன். w சுழல் வேகம், fdot சூரியனைச் சுற்றும் வேகம், r சூரியனிலிருந்து தூரம், a அதன் சராசரி, K ஓதத்தின் வலு. ஒவ்வொரு படியிலும் சுழல் வேகம் இப்படி மாறுகிறது:

```
dw = -K*(a/r)**6*(w - fdot)
```

சுழற்சி மெல்லக் குறைந்து ஒரு சுற்றுக்கு 1.5 சுழற்சி என்ற அளவை அடைந்து நிற்கும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவே இல்லை. 1.5-ஐ ஒரு தயக்கமும் இல்லாமல் கடந்து 1.26-க்கு அருகே போய் நிற்கிறது. மையப்பிறழ்வு 0.206 என்றுதான் கொடுத்திருக்கிறேன். காலப்படியைச் சிறிதாக்கினாலும் அதே 1.26. மையப்பிறழ்வைப் பூஜ்யமாக்கினால் 1-இல் நிற்கிறது, அது புரிகிறது. எங்கே பிழை?

வானோக்கி

பிழையே இல்லை, நிரல்மணி. முழு உருண்டையான புதனுக்கு இதுதான் சரியான விடை. ஓத இழுப்பு தூரத்தின் ஆறாம் அடுக்கில் ஏறி இறங்குவதால் கிட்டத்தட்ட எல்லா வேலையும் அண்மை நிலையில்தான் நடக்கிறது. அங்கே சுற்றும் வேகம் சராசரியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்த வேகத்துக்குச் சுழற்சியை இழுக்கவே ஓதம் முயலும், மற்ற நேரங்களில் சற்று எதிர்த்திசையில் இழுக்கும். இரண்டும் சமனாகும் இடம் 1.26. குமரேசன், "ஓதம் கடைசியில் ஒரே முகத்துக்குக் கொண்டுபோய்விடும்" என்பது வட்டப் பாதைக்கு மட்டும் பொருந்தும் என்பதையும் இது காட்டுகிறது.

1.5-இல் நிறுத்த வேண்டுமானால் உங்கள் புதன் உருண்டையாக இருக்கக் கூடாது. உண்மையான புதன் நடுக்கோட்டில் ஒரு திசையில் மிகமிகச் சற்று நீண்டிருக்கிறது, பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு என்ற அளவில்தான். அந்த நீண்ட அச்சைச் சூரியன் தன் பக்கம் திருப்பப் பார்க்கிறது. இந்த வரியைச் சேர்த்துப் பாருங்கள்:

```
dw += -1.5*n*n*BAC*(a/r)**3*sin(2*(theta - f))
```

n சராசரிச் சுற்று வேகம், theta நீண்ட அச்சின் கோணம், f பாதையில் புதன் இருக்கும் கோணம். BAC என்பது அந்தச் சிறு அளவு, 1e-4 போட்டுத் தொடங்குங்கள். சைனுக்குள் இருக்கும் 2-ஐக் கவனியுங்கள். நீண்ட அச்சின் எந்த முனை சூரியனைப் பார்த்தாலும் விசைக்கு ஒன்றுதான். 3-க்கு 2 சுழற்சியில் ஒரு சுற்றுக்கு ஒன்றரைச் சுழற்சி. அதனால் ஒவ்வொரு அண்மை நிலையிலும் நீண்ட அச்சு சூரியனை நோக்கியே இருக்கும், முனை மட்டும் மாறும். ஊஞ்சலை ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் தொடுவது போல, சின்னத் திருத்தம் அதே கட்டத்தில் வந்து விழுகிறது. சுழற்சி கொஞ்சம் முந்தினால் பின்னுக்கு இழுக்கும், பிந்தினால் முன்னே தள்ளும். ஓதம் அதை 1.26-க்கு இழுக்கப் பார்த்தாலும் இந்தப் பிடி அதைவிட வலுவானது.

தேன்மொழியின் "இயற்கை ஏன் முழு எண் பார்க்கிறது" என்ற கேள்விக்கு என் பதிலும் இதுதான். 1.4 என்ற விகிதத்தில் நீண்ட அச்சு ஒவ்வொரு அண்மை நிலையிலும் வேறு திசையில் இருக்கும், தள்ளல்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு என்ற விகிதங்களில் மட்டுமே அவை கூடி நிற்கும். வட்டப் பாதையில் அண்மை நிலை என்று ஒன்றே இல்லாததால் அங்கே 1 மட்டும்தான் மிஞ்சும். நிலவின் பாதையிலும் மையப்பிறழ்வு உண்டு, ஆனால் 0.055 மட்டுமே. அங்கே ஒன்றரைக்கான பிடி பலவீனம்.

நிரல்மணி

சேர்த்தேன். இப்போது புதிதாக ஒரு குழப்பம். சில ஓட்டங்களில் 1.5-இல் பிடித்து நிற்கிறது, இரு பக்கமும் ஆடி ஆடி அடங்குகிறது, பார்க்க அழகு. ஆனால் பெரும்பாலான ஓட்டங்களில் வழுக்கிக் கீழே 1.26-க்கே போய்விடுகிறது. தொடக்கக் கோணத்தைக் கொஞ்சம் மாற்றினாலும் விடை மாறுகிறது. உண்மையான புதனுக்கு மட்டும் எப்படிச் சரியாக மாட்டியது?

வானோக்கி

இங்கேதான் ஆராய்ச்சியாளர்களும் 1960-களிலிருந்து மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கடக்கும் நேரத்தில் நீண்ட அச்சு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பிடிபடும் அல்லது நழுவும். அதனால் இதை நிகழ்தகவாகத்தான் சொல்ல முடியும். மையப்பிறழ்வு இன்றைய மதிப்பிலேயே இருந்ததாக வைத்தால், உங்களுடையது போன்ற எளிய ஓத மாதிரியில் பிடிபடும் வாய்ப்பு சுமார் 7 சதவீதம்.

2004-இல் கொரேயாவும் லாஸ்கரும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். மற்ற கோள்களின் இழுப்பால் புதனின் மையப்பிறழ்வு நிலையாக இருப்பதில்லை. கோடிக்கணக்கான வருடங்களில் பூஜ்யத்துக்குப் பக்கத்திலிருந்து 0.45 வரைகூட அலைந்திருக்கலாம். நீங்கள் பார்த்த அந்தச் சமநிலை வேகமும் கூடவே அலையும். மையப்பிறழ்வு 0.285-ஐத் தாண்டினால் சமநிலை 1.5-க்கு மேலே போய்விடும். அப்போது கீழே வழுக்கிப்போன புதனை ஓதமே மறுபடி மேலே தூக்கி 1.5 வழியாக அழைத்து வரும். ஒரு முறை தப்பினாலும் அடுத்த முறை மாட்டலாம். இப்படிப் பல முறை கடக்கவிட்டால் வாய்ப்பு 55 சதவீதமாக உயர்கிறது.

உங்கள் நிரலில் மையப்பிறழ்வை மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள். கண்ணெதிரே தெரியும்.

சிவகாமி

55 சதவீதம் என்பது நாணயத்தைச் சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம் நல்லது, அவ்வளவுதானே. இதை விளக்கம் என்று ஏற்றுக்கொள்ள எனக்குத் தயக்கம். மேலும் அந்த ஓத மாதிரி, பாறை ஏதோ தேன் போல ஒரே மாதிரி இழுபடும் என்று எடுத்துக்கொள்கிறது. பாறை அப்படி நடந்துகொள்வதில்லை. உண்மையான பாறையின் இழுபடும் தன்மையை வைத்துக் கணக்கிட்டவர்கள், தொடக்கத்திலேயே 3-க்கு 2-இல் எளிதாக மாட்டியிருக்கும், குழப்பமான மையப்பிறழ்வு எல்லாம் தேவையே இல்லை என்கிறார்கள். இன்னொரு குழு, புதன் முதலில் எதிர்த்திசையில் சுழன்று ஒரே முகத்தில் பூட்டப்பட்டிருந்தது, பெரிய மோதல் ஒன்று அந்தப் பூட்டை உடைத்தது என்கிறது. பள்ளங்கள் ஒரு பக்கம் அதிகமாக இருப்பதைச் சான்றாகக் காட்டுகிறார்கள்.

வானோக்கி

எதிர்த்திசைக் கதை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. பள்ளங்களின் பரவலுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். பாறையின் தன்மை பற்றிச் சொன்னது வலுவான வாதம், மறுக்க மாட்டேன். ஆனால் அதிலும் ஆரம்பகாலப் புதன் எவ்வளவு சூடாக இருந்தது, உட்கரு எப்போது உருகியது என்பதை ஊகித்துத்தான் போட வேண்டியிருக்கிறது. உருகிய உட்கருவுக்கும் மேலோட்டுக்கும் இடையிலான உராய்வும் பிடிபடும் வாய்ப்பை மாற்றும்.

உட்கரு உருகியிருக்கிறது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. நிரல்மணி பார்த்த "ஆடி அடங்குவது" போலவே, உண்மையான புதனும் 88 நாளுக்கு ஒரு முறை இரு பக்கமும் மெல்ல ஆடுகிறது. 2007-இல் ரேடார் அளவீடுகளில் அது வெளியானது. நடுக்கோட்டில் அந்த ஆட்டம் சுமார் 450 மீட்டர். கோள் முழுதும் கெட்டியாக இருந்தால் இவ்வளவு ஆடாது. மேலோடு மட்டும் தனியாக ஆடுகிறது, அதற்கு அடியில் திரவம் இருக்கிறது.

வேல்

சரி, நான் பாதை திரும்புவதோடு குழப்பிக்கொண்டிருந்தேன் போல. ஆனால் பாதையே திரும்புகிறது என்றால் அண்மை நிலையும் திசை மாறுமே? அப்போது 0, 180 என்ற அந்தச் சூடான இடங்களும் நகர வேண்டாமா?

வானோக்கி

நல்ல கேள்வி, இது தலைப்புக்குள்ளேயே வருகிறது. அண்மை நிலை திரும்பினால் பூட்டும் கூடவே திரும்பும். நீண்ட அச்சு அண்மை நிலையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது, நட்சத்திரங்களை அல்ல. அதனால் தரையில் சூடான இடங்கள் மாறுவதில்லை.

தேன்மொழி

இவ்வளவும் படித்த பிறகு ஒன்று மட்டும் மிச்சம். மையப்பிறழ்வு அப்படி அலைகிறது என்றால், வருங்காலத்தில் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கும்போது இந்தப் பிடி தளர்ந்துவிடாதா? அப்போது புதன் நழுவி, 0-உம் 180-உம் மற்ற இடங்களைப் போல ஆகிவிடுமா?

வானோக்கி

பிடி தளரும் என்பது உண்மை. அது மையப்பிறழ்வோடு ஏறக்குறைய நேர்விகிதத்தில் குறைகிறது. போதுமான அளவு இறங்கினால் ஓதம் ஜெயித்து, புதன் ஒரே முகத்தை நோக்கி நகரும். பிறகு மையப்பிறழ்வு மறுபடி ஏறினால் திரும்பவும் மாட்டலாம். ஆனால் அவ்வளவு நீண்ட காலத்துக்கு மையப்பிறழ்வின் ஒரே ஒரு பாதையைக் கணிக்க முடியாது. இன்றைய நிலையில் சில மீட்டர் வித்தியாசம் வைத்தாலே முடிவு வேறாகிவிடும்.

நிரல்மணி

மையப்பிறழ்வை ஏற்றி இறக்கி ஓட்டியதில் கொஞ்சம் பார்த்தேன். 0.3-க்கு மேலே போய் வரும் ஓட்டங்களில் பல 1.5-இல் மாட்டுகின்றன. ஒன்று மட்டும் 2-இல் மாட்டிக்கொண்டது, அதாவது 2 சுற்றுக்கு 4 சுழற்சி. பிறகு மையப்பிறழ்வு இறங்கியதும் அது அங்கிருந்து கழன்று 1.5-க்கு வந்து நின்றது. இது நிரலின் கோளாறா, உண்மையிலேயே நடக்கக்கூடியதா?

வானோக்கி

நடக்கக்கூடியதே. 2-க்கான பிடி மையப்பிறழ்வின் இருமடியைச் சார்ந்தது, அதனால் மையப்பிறழ்வு இறங்கும்போது அதுதான் முதலில் கழலும். நீங்கள் போட்ட K எவ்வளவு? உண்மையைவிட மிகப் பெரிதாக இருந்தால் கழலும் இடம் தவறாக வரும். K-ஐப் பத்தில் ஒரு பங்காக்கி அதே ஓட்டத்தை மறுபடி ஓட்டிவிட்டு எண்களை இங்கே போடுங்கள்.